காபிக்கு முன் பாத்திரச் சூடு: போர்ட்டாஃபில்டர், ட்ரிப்பர், பில்டர், கப் எதை எவ்வளவு சூடாக்குவது

எஸ்பிரெசோ மெஷின் வாங்கியவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, எல்லாவற்றையும் சூடாக்கிக்கொள்ளுங்கள் என்பது. அறிவுரை தவறில்லை, ஆனால் அரைகுறை. சில பாத்திரங்களைச் சூடாக்காவிட்டால் காபியே கெட்டுவிடும். சிலவற்றைச் சூடாக்கினாலும் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் மாறாது. எது எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

பாத்திரத்தின் சூடு இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. முதலாவது, தண்ணீர் தூளைத் தொடும் இடம். எஸ்பிரெசோ மெஷினில் தூளோடு மாட்டும் கைப்பிடிப் பாத்திரமான போர்ட்டாஃபில்டருக்குள் இருக்கும் பாஸ்கெட், காகிதம் போட்டுத் தண்ணீர் ஊற்றும் ட்ரிப்பர், நம் வீட்டுப் பில்டரின் மேல் பாத்திரம் ஆகியவை இந்த வகை. இவை குளிர்ந்திருந்தால் தண்ணீரின் சூடு இறங்கி, தூளிலிருந்து இறங்கவேண்டிய சத்து இறங்காது. காபியில் என்ன இருக்கிறது என்பதே மாறிவிடும். இரண்டாவது, காபி இறங்கிய பிறகு அது போய்ச் சேரும் இடம்: போர்ட்டாஃபில்டரின் மூக்கு, கப், டம்ளர். இங்கே குளிர் இருந்தால் காபியில் உள்ளது மாறாது, நாக்குக்கு அது தெரியும் விதம்தான் மாறும். முதல் வகைப் பிழையைப் பிறகு சரிசெய்ய முடியாது. அதனால் நேரம் குறைவாக இருக்கும் நாளில் முதலில் கவனிக்கவேண்டியது தூள் உட்காரும் பாத்திரத்தை.

பாத்திரம் எவ்வளவு சூட்டைத் திருடும்?

இதைக் கணக்கிட சமையலறைத் தராசு போதும். பாத்திரத்தை எடைபோட்டு, அதன் பொருளுக்கு உரிய எண்ணால் பெருக்கினால், அது எத்தனை கிராம் தண்ணீருக்குச் சமமாகச் சூட்டை உறிஞ்சும் என்று தெரிந்துவிடும். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் 0.2, எவர்சில்வருக்கு 0.12, பித்தளைக்கு 0.09, காபித்தூளுக்கு ஏறத்தாழ 0.4.

150 கிராம் எடையுள்ள தடித்த எஸ்பிரெசோ கப் 30 கிராம் தண்ணீருக்குச் சமம். அதில் விழும் எஸ்பிரெசோவோ 36 கிராம்தான். அதாவது, அறைச் சூட்டில் இருக்கும் கப்பில் எஸ்பிரெசோவை இறக்குவது, கிட்டத்தட்ட அதே அளவு பச்சைத் தண்ணீரோடு அதைச் சேர்ப்பதற்கு ஈடு. சுவை நீர்க்காது, சூடு மட்டும் இறங்கும். மாறாக, 80 கிராம் எவர்சில்வர் டம்ளர் 10 கிராம் தண்ணீருக்குத்தான் சமம். அதில் விழும் பால் காபி 120 கிராம். டம்ளரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே பாத்திரத்தின் கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குள் போகும் திரவம் எவ்வளவு என்பதோடு வைத்துப் பார்க்கவேண்டும். கனமான பாத்திரம், கொஞ்சம் திரவம் என்றால் சூடாக்கியே ஆகவேண்டும். மெல்லிய பாத்திரம், நிறையத் திரவம் என்றால் விட்டுவிடலாம்.

போர்ட்டாஃபில்டர்

58 மி.மீ. போர்ட்டாஃபில்டர் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. அரைக் கிலோவுக்குக் குறையாது. 550 கிராம் என்று வைத்தால் 50 கிராம் தண்ணீருக்குச் சமம், அதன் வழியே இறங்கும் காபியைவிட அதிகம். குளிர்ந்த போர்ட்டாஃபில்டரை மாட்டினால் இரண்டு பக்கமும் நஷ்டம். மேலே அது, மெஷினில் தான் போய் மாட்டிக்கொள்ளும் க்ரூப் ஹெட்டின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பாஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள தூள் நடுவில் உள்ளதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. கீழே காபி ஓடிவரும் வழியும் மூக்கும் குளிர்ந்திருப்பதால், 88 டிகிரியில் புறப்பட்ட காபி பத்துப் பதினைந்து டிகிரி இழந்துதான் கப்புக்கே வருகிறது. அடிப்பகுதி திறந்த போர்ட்டாஃபில்டரில் இந்தக் கீழ்ப்பக்க நஷ்டம் இல்லை, மேற்பக்க நஷ்டம் உண்டு.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்ததும் தயார் என்று நம்பிவிடக்கூடாது. அந்த விளக்கு பாய்லரில் உள்ள தண்ணீரின் சூட்டை மட்டும் சொல்கிறது. க்ரூப் ஹெட்டும் போர்ட்டாஃபில்டரும் அந்தச் சூட்டை எட்டப் பிறகும் வெகுநேரம் ஆகும். எவ்வளவு நேரம் என்பது மெஷினின் வகையைப் பொறுத்தது.

1961இல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த இ61 வகை க்ரூப் இன்றும் பல வீட்டு மெஷின்களில் இருக்கிறது. பாய்லரின் சுடுதண்ணீர் தானாகவே அதனுள் சுற்றிவந்து அதைச் சூடாக வைக்கும் அமைப்பு அது. ஆனால் அது ஏறத்தாழ 4 கிலோ பித்தளை. முழுக்கச் சூடேற 30 முதல் 45 நிமிடம் வேண்டும். எழுந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் கணக்கு சரியாக இருக்கும். ஒற்றைச் சிறு பாய்லர் உள்ள காஜியா கிளாசிக் போன்றவற்றுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். இந்த இரண்டு வகையிலும் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றே: காலி பாஸ்கெட்டோடு போர்ட்டாஃபில்டரை முதலிலேயே மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடவேண்டும். மேசையில் கிடக்கும் போர்ட்டாஃபில்டர் எத்தனை மணி நேரமானாலும் சூடேறாது.

மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரெவில் பாம்பினோ போன்ற, சில விநாடிகளில் தண்ணீர் சூடாகும் மெஷின்களில் பெரிய பாய்லரும் இல்லை, சுடுகிற கனமான க்ரூப்பும் இல்லை. அரைமணி நேரம் மாட்டி வைத்தாலும் போர்ட்டாஃபில்டர் வெதுவெதுப்பைத் தாண்டாது. இங்கே சுடுதண்ணீரை ஓடவிட்டுத்தான் சூடேற்றவேண்டும். தூள் இல்லாமல் ஒரு முறை 60 மி.லி. ஓடவிட்டால், தண்ணீர் வேகமாக வழிந்துவிடுவதால் உலோகம் பாதிதான் சூடேறும். அதனால் இரண்டு முறை, குளிர்ந்த ஊரில் மூன்று முறை ஓடவிட வேண்டும். ஓட்டங்களுக்கு இடையே பத்து விநாடி விட்டால் சூடு உலோகத்துக்குள் பரவும். இன்னொரு வழி, பாஸ்கெட் பகுதியை மட்டும் கொதித்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் இரண்டு நிமிடம் முக்கிவைப்பது. கைப்பிடி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் செலவு குறைவு, சூடும் நன்றாக ஏறும்.

இனி ஷாட் எடுக்கும் வரிசை:

1. தூளை முதலில் அரைத்து, எடைபோட்டுத் தனிக் கிண்ணத்தில் தயாராக வையுங்கள். போர்ட்டாஃபில்டரைக் கழற்றிய பிறகு கிரைண்டரைத் தேடக்கூடாது.
2. காலி ஷாட் ஒன்று ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைக் கப்பிலேயே பிடியுங்கள். கப்பும் சூடாகும்.
3. போர்ட்டாஃபில்டரைக் கழற்றி, பாஸ்கெட்டின் உட்புறத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ஓரத்துத் தூள் நனைந்து ஒட்டி, தண்ணீர் அந்த ஓரத்தையே குறுக்குவழியாகப் பிடித்துக்கொள்ளும். அவசரமாகச் சூடாக்கியவர்களின் காபி, சூடாக்காதவர்களின் காபியைவிட மோசமாக வருவதற்குப் பெரும்பாலும் இந்த ஈரமே காரணம்.
4. தூளைப் போட்டு, சமன்படுத்தி, அழுத்தி, மாட்டுங்கள். கழற்றியதிலிருந்து மாட்டுவது வரை ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்.
5. மாட்டியதும் உடனே பொத்தானை அழுத்துங்கள். சூடான க்ரூப்பின் அடியில் தூள் காத்திருந்தால் மேற்பரப்பு சூடேறி வாசனை போய்விடும்.

சூடு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பித்தளைப் பகுதியை விரலால் ஒரு கணத்துக்கு மேல் தொட முடியவில்லை என்றால் போதும். அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பளபளக்கும் குரோமைப் பார்த்து அது உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். போர்ட்டாஃபில்டரின் மேல் சிறு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பைப் பார்த்து அளந்தால் சரியான எண் வரும்.

கப்

இத்தாலிய எஸ்பிரெசோவுக்கான தேசிய நிறுவனம் தன் சான்றிதழுக்கு வகுத்த அளவுகோலில், கப்பில் காபி 67 டிகிரி இருக்கவேண்டும், 3 டிகிரி கூடலாம், குறையலாம். இதை இலக்காக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சென்னையில் அறைச் சூடு 30 டிகிரி. மூக்கிலிருந்து 36 கிராம் எஸ்பிரெசோ 80 டிகிரியில் விழுகிறது. கப் 150 கிராம். காபி கப்பின் அடிப்பாதியைத்தான் உடனே தொடுகிறது. அந்தப் பாதி மட்டும் சூட்டைப் பங்குபோட்டால் காபி 65 டிகிரிக்கு வரும். சூடு முழுக் கப்புக்கும் பரவியதும் 57. முதல் வாயில் சரியாகத் தெரிந்த காபி, இரண்டாம் வாயில் ஆறிப்போனது போல் இருப்பதற்கு இதுதான் காரணம். இப்போது அதே கப்பை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், முதலில் 71, பரவிய பிறகு 66. இலக்கிலேயே நிற்கிறது. 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 74, பிறகு 71. தேவைக்கு மேல்.

ஆகவே கப் கொதிக்கவேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்தால் நன்றாகச் சுடவேண்டும், ஆனால் பிடித்துக்கொள்ள முடியவேண்டும். அதற்கு மேல் போனால் காபிக்கு முன் உதடு சுடும். இன்னொன்று: உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 டிகிரிக்கு மேல் உள்ள மிகச் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்று வகைப்படுத்தியது. கப்பைச் சூடாக்குவது சூடு சட்டென்று சரியாமல் இருக்கத்தான். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதற்கு அல்ல.

கொதித்த தண்ணீரைக் கப்பில் பாதிக்கு மேல் ஊற்றி 30 விநாடி வைத்தாலே போதும். கொட்டிவிட்டுத் துடைத்து, ஷாட் இறங்கும்போது அடியில் வைத்தால் கப் 50க்கும் 60க்கும் நடுவில் இருக்கும். துடைப்பதை விட்டுவிடாதீர்கள், ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று கிராம் தண்ணீர், 36 கிராம் எஸ்பிரெசோவைக் கண்கூடாக நீர்க்கச் செய்யும். மெஷினின் மேல்தட்டில் வைத்துச் சூடாக்குவதென்றால் வாய் மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால் சூடாவது உதடு படும் விளிம்பு. காபிக்குத் தேவைப்படும் சூடு கனமான அடிப்பகுதியில் இருக்கவேண்டும். கப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் வரிசை குளிர்ந்தே கிடக்கும். தங்கக் கோடு போட்ட கப்பை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. மற்றவற்றையும் காலியாக வைக்காமல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தடித்த சாதாரணக் கண்ணாடியில் ஒரேயடியாகக் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றலாம்.

கப்புசினோவில் கதை சற்று மாறும். 180 கிராம் பால் காபி 62 டிகிரியில், 300 கிராம் கப்பில் விழுகிறது. குளிர்ந்த கப் ஏறத்தாழ 8 டிகிரியைத் திருடிவிடும். சூடான கப் 3 டிகிரிதான் எடுக்கும். இதை ஈடுகட்டப் பாலை 70க்கு மேல் ஏற்றுகிறவர்கள் உண்டு. நுரை கரடாகி, பாலில் காய்ச்சிய வாடை ஏறும். கப்பைச் சூடாக்குவது எவ்வளவோ மேல்.

புளிக்கிறது: குற்றம் யாருடையது?

எஸ்பிரெசோ புளித்தால் உடனே கிரைண்டரைத் திருகத் தொடங்கிவிடுகிறோம். பல நேரம் கிரைண்டர் நிரபராதி. 70 டிகிரிக்கு மேல் நாக்கு சூட்டைத்தான் முதலில் உணரும். காபி ஆற ஆறப் புளிப்பு முன்னே வந்து நிற்கும். குளிர்ந்த கப்பில் இறக்கிய நல்ல காபியும், சரியாகச் சத்து இறங்காத காபியும் முதல் வாயில் ஒன்றுபோலவே புளிக்கும். இரண்டையும் பிரித்தறிய இப்படிச் செய்யலாம்.

அதே தூள், அதே எடை, அதே அரைப்பில் இரண்டு ஷாட் எடுங்கள். போர்ட்டாஃபில்டர் இரண்டு முறையும் நன்றாகச் சூடாக இருக்கட்டும். ஒன்றைச் சூடான கப்பிலும் மற்றதைக் குளிர்ந்த கப்பிலும் பிடியுங்கள். உடனே குடிக்காமல், இரண்டும் 45 டிகிரிக்கு ஆறும்வரை காத்திருங்கள். சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தெரியும். இப்போது ஒவ்வொன்றையும் கலக்கிச் சுவையுங்கள். இரண்டும் ஒன்றுபோல இனிமையாக இருந்தால், குற்றம் கப்புடையது. இரண்டும் ஒன்றுபோலப் புளித்தால், கப் காரணமில்லை. அரைப்பையோ தண்ணீரின் சூட்டையோ பார்க்கவேண்டும். அடுத்த சுற்றில் கப் இரண்டையும் சூடாக வைத்து, போர்ட்டாஃபில்டரை மட்டும் ஒருமுறை குளிர்ந்த நிலையில் மாட்டிப் பாருங்கள். 45 டிகிரிக்கு ஆறிய பிறகும் அந்தக் கப் மட்டும் புளித்து, உடல் மெலிந்து இருந்தால், குளிர் தூளைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் முதல் ஷாட் புளித்து, மூன்றாவது ஷாட் நன்றாக வருகிறது என்றால் இந்தச் சோதனைகூட வேண்டாம். மெஷின் சூடேறாமலே தொடங்கியிருக்கிறீர்கள்.

ட்ரிப்பர்

வி60 போன்ற கூம்பு ட்ரிப்பர்களில் பீங்கான் பார்க்க அழகு. ஆனால் சூட்டைப் பொறுத்தவரை பிளாஸ்டிக்தான் சுலபமானது. 400 கிராம் பீங்கான் ட்ரிப்பர் 80 கிராம் தண்ணீருக்குச் சமம். 15 கிராம் தூளை ஊறவைக்க முதலில் ஊற்றுவது 45 கிராம் தண்ணீர்தான். அந்த நேரத்தில் ட்ரிப்பரின் கால்பங்கு மட்டும் சூட்டைப் பங்குபோடுகிறது என்று வைத்தாலும், 95 டிகிரித் தண்ணீர் தூளைத் தொட்ட சற்று நேரத்தில் 71க்கு இறங்கிவிடும். அதே பீங்கானை 75 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் 84இல் நிற்கும். பிளாஸ்டிக் ட்ரிப்பரைச் சூடாக்காமலே ஊற்றினால் 82. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. அதன் மேல்தோல் மட்டும் சூடாகி, மீதி அப்படியே இருந்துவிடும்.

பீங்கான்காரர்கள் செய்யும் பிழை, காகிதத்தை நனைக்க ஊற்றும் தண்ணீரே ட்ரிப்பரையும் சூடாக்கிவிடும் என்று நம்புவது. தண்ணீர் நடுவில் விழுந்து ஓட்டை வழியே நொடியில் ஓடிவிடுகிறது. காகிதம் வேறு இடையில். வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்தே இருக்கும். தண்ணீர் காயும்போதே ட்ரிப்பரைக் கெட்டிலின் வாயில் கவிழ்த்து வைத்தால் ஆவி அதைச் சூடாக்கிவிடும். கூர்வாய்க் கெட்டிலில் வாய் சிறிது என்றால், கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி ட்ரிப்பரை இரண்டு நிமிடம் அதில் படுக்க வைக்கலாம். பிறகு காகிதத்தைப் போட்டு, 100 மி.லி. தண்ணீரால் அலசி, அந்தத் தண்ணீரைக் கீழ்ப் பாத்திரத்தைச் சூடாக்கப் பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். கொட்ட மறந்தால் காபி சப்பென்று இருக்கும். தராசில் எண் பூஜ்யமாக இருப்பதால் இந்த மறதி அடிக்கடி நடக்கிறது.

நன்கு வறுத்த கருங்கொட்டை என்றால் சற்றுக் குறைந்த சூட்டிலும் சத்து இறங்கிவிடும். அதற்குப் பீங்கானை முழுக்கச் சூடாக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. இளவறுப்புக் கொட்டைக்குத்தான் ஒவ்வொரு டிகிரியும் தேவை.

நம் வீட்டுப் பில்டர்

பில்டரைச் சூடாக்கும் வழக்கம் பரவலாக இல்லை. தேவையே இல்லையா என்றால், மேல் பாத்திரத்துக்கு ஓரளவு தேவை. கீழ்ப் பாத்திரத்துக்குத் தேவை வேறுவிதமானது.

மேல் பாத்திரம் 120 கிராம் எவர்சில்வர், தூள் 20 கிராம், ஊற்றும் தண்ணீர் 120 மி.லி., 96 டிகிரி என்று கொள்வோம். எதையும் சூடாக்காவிட்டால் தூளோடு கலந்த தண்ணீர் 86 டிகிரிக்கு வரும். மேல் பாத்திரத்தைச் சூடாக்கினால் 91. ஐந்து டிகிரி வித்தியாசம். சிக்கரி கலந்த, நன்றாக வறுத்த பொடிக்கு இது சிறிய விஷயம். சிக்கரி இல்லாத நடுத்தர வறுப்புக்குத் தெரியும்.

ஊட்டியில் இது சமவெளியைவிட முக்கியம். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது. சமையலறையும் 15 டிகிரியில் இருந்தால், அதே பில்டரில் தூளோடு கலந்த தண்ணீர் 80க்கு இறங்கிவிடும். பாத்திரத்தைச் சூடாக்கினால் 86. சமவெளியில் சூடாக்காமல் கிடைப்பது மலையில் சூடாக்கினால்தான் கிடைக்கிறது.

செய்முறையில் கவனிக்கவேண்டியது ஈரம். காலி மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கொதிநீரை நிரப்பி ஓடவிடுங்கள். தண்ணீர் துளைகளின் வழியே இறங்கும்போது இரண்டும் சூடாகும். துளையில் பழைய பொடி அடைத்திருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்: தூள் இல்லாமல் தண்ணீர் தடதடவென இறங்கவேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் பில்டரைக் கழுவவேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டி, துளைத் தட்டின் மேல்புறமும் அடிப்புறமும் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத் தட்டில் நுண்பொடி விழுந்தால் பசைபோல் ஒட்டித் துளையை அடைக்கும். தூளைப் போட்டு, லேசாகச் சமன்செய்து, குடையை வைத்து, தண்ணீரை வட்டமாக ஊற்றி உடனே மூடுங்கள்.

டிகாஷன் இறங்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் நடப்பதுதான் பெரிய சூட்டு நஷ்டம். மெல்லிய கீழ்ப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் டிகாஷன் விழுந்ததுமே ஆறிவிடுகிறது. கீழ்ப் பாத்திரத்தை முன்கூட்டிச் சூடாக்கினாலும் அந்தச் சூடு ஐந்து நிமிடம் தாங்காது. அதனால் அதைத் தொடர்ந்து சூடாகவே வைத்திருக்கவேண்டும்: அகலமான கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, பில்டரின் கீழ்ப்பாதி மூழ்கும்படி நிறுத்துங்கள். அடுப்பில் வைக்கவேண்டாம். டிகாஷனை நேரே கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய், கசப்பு மிஞ்சும். இந்தச் சுடுநீர்க் குளியலில் அந்தச் சேதம் இல்லை.

இதில் ஒரு சிக்கல் வரலாம். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற பில்டரில், உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மேல்நோக்கி முட்டும். சொட்டு நின்றுவிடும். மூடியைத் திறந்தால் தண்ணீர் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியே விட்டு மறுபடி வைத்தால் இறங்கத் தொடங்கும். தூக்கியும் இறங்கவில்லை என்றால் காற்று காரணமில்லை. தூள் மிக நைசு, அல்லது குடையால் அதிகம் அழுத்தியிருக்கிறது.

டம்ளர், டவரா

இனி மீதியிருப்பது டம்ளர். பித்தளையானாலும் எவர்சில்வரானாலும், 75 டிகிரிக் காபியிலிருந்து அது எடுப்பது மூன்று டிகிரி, நான்கு டிகிரி. கும்பகோணம் டிகிரி காபிக்கடைப் பித்தளை டவரா செட் கண்ணுக்குத் தருவது அதிகம், சூட்டுக்குத் தருவது கொஞ்சம். உயரத் தூக்கி ஓர் ஆற்று ஆற்றினாலே டம்ளர் எடுப்பதைவிட அதிகச் சூடு காற்றோடு போய்விடும். ஆகவே டம்ளரைச் சூடாக்கவேண்டாம். சூடாக்கினால் உலோகம் உதட்டைத்தான் பதம் பார்க்கும். காபி சீக்கிரம் ஆறுகிறது என்றால் பாலையும் டிகாஷனையும் பாருங்கள். ஆறிப்போன 40 மி.லி. டிகாஷன் 30 டிகிரியில் இருக்க, 90 டிகிரிப் பால் 100 மி.லி. சேர்த்தால் 73க்கு வருகிறது. அதே டிகாஷன் சுடுநீர்க் கிண்ணத்தில் நின்று 60 டிகிரியில் இருந்தால் 81. டம்ளரைக் கழுவிச் சூடாக்கி மிச்சம்பிடிப்பதைவிட இது இரண்டு மடங்கு.